திருமலையில் சார்ட் வகுப்புக்குப் போகிறவர்களுக்கு: 52.10க்கு எந்தப் பங்கும் விற்கப்படவில்லை

உவர்மலைப் பக்கம் ஒரு மாடி அறையில் சனி, ஞாயிறுகளில் பங்குச்சந்தை வகுப்பு நடக்கிறது. கட்டணம் 35,000 ரூபா. படிப்பிக்கிறவரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, எல்லாரும் 'சேர்' என்றுதான் கூப்பிடுவோம். ஆறு கிழமை போனேன். முதல் நாளே சுவரில் ஒரு சார்ட்டைக் காட்டினார். ஒரு நாளின் விலைக்கு ஒரு கட்டை, அதுதான் கேண்டில், விலை ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு. பச்சை கேண்டில் பத்து வரிசையாக ஏறி, பிறகு சிவப்பு எட்டு வரிசையாக இறங்கியது. நான் வீட்டில் பார்க்கும் சார்ட்டில் பச்சையும் சிவப்பும் கலந்து குழம்பிக் கிடக்கும். இவர் காட்டியதோ கோயில் சுவர் மாதிரிப் பட்டை பட்டையாக இருந்தது. அதில்தான் விழுந்தேன்.

அது ஹெய்கின் ஆஷி என்ற சார்ட். ஜப்பானிய மொழியில் ஹெய்கின் என்றால் சராசரி. அந்தச் சொல்லின் பொருளை ஆறு கிழமையில் ஒரு நாளும் அவர் சொல்லவில்லை.

அவருடைய விதி சுலபமானது. கேண்டில் கட்டைக்கு வெளியே நீளும் மெல்லிய கோடுதான் திரி. சிவப்பு மாறி, அடியில் திரி இல்லாத பச்சை வந்தால் மறுநாள் தொடக்கத்தில் வாங்கு. சிவப்பு வந்தால் மறுநாள் தொடக்கத்தில் விற்று விடு. இந்த விதியைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்த்த பேக்டெஸ்ட் தாளையும் தந்தார். ஏறக்குறைய எல்லா வரியும் இலாபம்.

நானும் ஒரு பங்கில் இறங்கினேன். செவ்வாய்க்கிழமை திரியில்லாத பச்சை வந்தது. புதன் காலை சந்தை திறந்ததும் 54.80க்கு 1000 பங்கு வாங்கினேன். வெள்ளிக்கிழமை சிவப்பு. அடுத்த திங்கள் திறந்ததும் 53.40க்கு விற்றேன். விலையில் 1,400 ரூபா போனது. கொழும்புச் சந்தையில் வாங்கும்போதும் விற்கும்போதும் 1.12 வீதம் செலவு பிடிப்பார்கள், அதில் இன்னும் 1,212 ரூபா. மொத்த நட்டம் 2,612 ரூபா.

மாதக் கடைசியில் சேர் புதுத் தாள் அனுப்பினார். அதே பங்கு, அதே புதன், அதே திங்கள். வாங்கியது 52.10, விற்றது 54.96, 1000 பங்குக்கு இலாபம் 2,862.50. என் புரோக்கர்தான் பிழை செய்துவிட்டார் என்று நினைத்து அவரிடம் சண்டைக்குப் போகாத குறை.

என் மச்சான் பல வருடமாகக் கொழும்புப் பங்கு வாங்கி விற்கிற ஆள். தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். பிளேன்டீயை வைத்துவிட்டு 54.96இல் விரலை வைத்தார். "ஐம்பது ரூபாப் பங்கு பத்துச் சதம் பத்துச் சதமாத்தானே ஏறி இறங்கும். தொண்ணூற்றாறு சதத்துக்கு உனக்கு ஆர் விற்றது?" என்று கேட்டார். அதுவரைக்கும் அந்த இரண்டு இலக்கங்களை நான் கவனிக்கவே இல்லை.

அன்று இரவு இருவரும் இருந்து கணக்கைப் பிரித்தோம். ஹெய்கின் ஆஷி கேண்டில் இப்படித்தான் உண்டாகிறது:

```
HA Close = (O + H + L + C) / 4
HA Open  = (முந்தைய HA Open + முந்தைய HA Close) / 2
HA High  = max(H, HA Open, HA Close)
HA Low   = min(L, HA Open, HA Close)
```

O, H, L, C என்பவை அன்றைய உண்மையான தொடக்கம், உச்சம், அடி, முடிவு. செவ்வாயன்று அவை 52.40, 54.80, 52.00, 54.40. நான்கையும் கூட்டி நாலால் பிரித்தால் 53.40. சார்ட்டில் முடிவு விலை என்று நின்றது அதுதான். உண்மையில் சந்தை மூடியபோது விலை 54.40. சார்ட்டில் செவ்வாயின் தொடக்கம் 50.80, அது முந்தைய நாள் கேண்டிலின் நடுப்புள்ளி. ஆனால் அன்று முழுக்க 52.00க்குக் கீழே ஒரு பங்குகூடக் கைமாறவில்லை.

புதனின் தொடக்கம் 50.80க்கும் 53.40க்கும் நடு, அதாவது 52.10. தாளில் நான் 'வாங்கிய' விலை அங்கிருந்துதான் வந்தது. நிஜப் புதன் 54.80இல் திறந்தது, அன்றைய மிகக் குறைந்த விலை 54.40. விற்ற பக்கமும் அப்படியே. வெள்ளியின் சராசரிக் கேண்டில் 55.125இல் தொடங்கி 54.80இல் முடிந்தது, அதன் நடு 54.9625. நிஜத் திங்கள் 53.40இல் திறந்தது. வாங்கும்போது 2.70, விற்கும்போது 1.56 என்று இரண்டு பக்கமும் அவருக்குச் சாதகமாகவே பிழை விழுந்தது. இது தற்செயல் இல்லை. சராசரி எப்போதும் பின்னுக்கு நிற்கும். ஆகவே ஏறும்போது பழைய மலிவு விலையையும், இறங்கும்போது பழைய உயர்ந்த விலையையும் காட்டும்.

மீன் ஏலத்தில் இன்றைய சராசரி கிலோ 900 என்றால், 900க்கு மீன் வாங்கிய ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்றில்லை. சூத்திரம் புரிந்த பிறகும் எனக்கு இந்த உதாரணம்தான் மனதில் நிற்கிறது.

'அடியில் திரியில்லாத பச்சை, மிகப் பலமான சைகை' என்று சேர் அடித்துச் சொல்வார். சூத்திரத்தின் கடைசி வரியைப் பாருங்கள். திரி இல்லை என்றால் HA Low-வும் HA Open-உம் ஒன்று. அப்படி வர, HA Open அன்றைய உண்மையான அடி விலைக்குச் சமமாக அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். ஆகவே அவர் விரல் வைத்துக் காட்டிய 'பலமான' கேண்டில்களின் அடிவிலை பெரும்பாலும் அன்று யாருக்கும் கிடைக்காத விலை. ஏற்றம் பலமாக இருக்கிறது என்பது பொய்யில்லை. அந்த விலைக்கு வாங்கலாம் என்பதுதான் பொய்.

இன்னொன்று, இடைவெளி. விலை ஒரு ரூபா துள்ளித் திறந்தால் சாதாரண சார்ட்டில் ஓட்டை தெரியும். ஹெய்கின் ஆஷியில் ஒவ்வொரு கேண்டிலும் முந்தையதன் நடுவில் தொடங்குவதால் ஓட்டை விழவே விழாது. நட்டத்தை நிறுத்த விலை போட்டு வைப்பவர்களுக்கு இது ஆபத்து. உங்கள் நிறுத்த விலையைத் தாண்டிச் சந்தை கீழே திறந்தாலும், சார்ட் மெதுவாக இறங்கியது போலவே காட்டும்.

ஹெய்கின் ஆஷியை நான் திட்டவில்லை. வாங்கிய பங்கை அவசரப்பட்டு விற்காமல் இருக்க இன்றும் அதைப் பார்க்கிறேன். விலை கேட்க மட்டும் அதனிடம் போவதில்லை.

TradingView என்ற சார்ட் தளத்தைப் பாவிப்பவர்கள் பேக்டெஸ்ட் அமைப்பில் `Using standard OHLC` என்ற தெரிவைப் பாருங்கள். அதை இட்டால் சைகை ஹெய்கின் ஆஷியிலிருந்து வரும், வாங்கல் விற்றல் உண்மையான விலையில் நடக்கும். சேரின் விதியை அப்படி ஓட்டினேன். தாளில் பாதிக்கு மேல் நட்டமாகியது, தரகுச் செலவைக் கழிக்கும் முன்னமே.

போய்க் கேட்டேன். "அது சொஃப்ட்வெயார் தாற விலை, தம்பி. நான் என்ன செய்ய?" என்றார். அந்தத் தெரிவை இட்டு வகுப்பில் ஒருக்கால் ஓட்டிக் காட்டுங்கள் என்றேன். அடுத்த கிழமை என்றார். அடுத்த கிழமை என்னை வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்துவிட்டார். காசும் வரவில்லை.

புது அணிக்கு ஆள் சேர்க்கிறார் என்று கேள்வி. கட்டுவதற்கு முன் அவருடைய தாளில் ஏதாவது ஒரு வரியை எடுங்கள். அதே நாளைச் சாதாரண கேண்டில் சார்ட்டில் திறந்து, அவர் 'வாங்கிய' விலை அன்றைய உச்சத்துக்கும் அடிக்கும் இடையில் இருக்கிறதா என்று பாருங்கள். என் தாளில் முதல் பத்து வரியில் ஏழு வெளியே கிடந்தன.