பிரிவு 25-ஐ ஒரே வரிசையில் எழுதிய பிழை: சட்ட வகுப்பை அட்டவணையாக்கிய மூன்று ஆண்டு அனுபவம்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் போய்வந்து சட்டம் படித்த மூன்று ஆண்டுகளும், அன்றன்றைய வகுப்புக் குறிப்பை இரவில் அட்டவணையாக மாற்றி எழுதி வந்தேன். பிரிவு, கலைச்சொல், விதிவிலக்கு, வழக்கு என நான்கு பத்திகள்; ஒரு பிரிவுக்கு ஒரு வரிசை. இந்த அமைப்பு முதல் பருவத்திலேயே என்னைக் கைவிட்டது. கைவிட்ட இடம் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு.

வாக்குறுதிக்கு ஈடாகக் கிடைக்கும் மறுபயன் இல்லாத உடன்பாடு செல்லாது என்பது அப்பிரிவின் விதி. அதன்கீழ் மூன்று விதிவிலக்குகளும் இரண்டு விளக்கங்களும் உள்ளன. நான் ஐந்தையும் விதிவிலக்குப் பத்தியில் ஒன்றாகத் திணித்து, வகுப்பில் கேட்ட வழக்குகளை எல்லாம் அடுத்த பத்தியில் அடுக்கிவிட்டேன். தேர்வுக்கு முந்தைய இரவில் எந்த வழக்கு எந்த விதிவிலக்குக்கு உரியது என்று எனக்கே தெரியவில்லை. போதாக்குறைக்கு, போதுமான மறுபயன் இல்லை என்பதால் மட்டும் உடன்பாடு செல்லாததாகிவிடாது என்று கூறும் இரண்டாம் விளக்கத்தை நான்காவது விதிவிலக்காக எண்ணி விடையும் எழுதினேன். ஆயிரம் ரூபாய் பெறும் குதிரையைப் பத்து ரூபாய்க்கு விற்பதாகச் சட்டமே தரும் எடுத்துக்காட்டில் மறுபயன் இருக்கிறது. குறைவாக இருக்கிறது, அவ்வளவே. மறுபயனே இல்லாதபோதுதான் விதிவிலக்குக்கு வேலை.

அதன்பிறகு ஒரு விதிவிலக்குக்கு ஒரு வரிசை என மாற்றினேன். ஒவ்வொன்றையும் அதன் நிபந்தனைகளாக உடைத்து, எந்த நிபந்தனை பற்றி நீதிமன்றம் பேசியதோ அதற்கு எதிரில் மட்டும் வழக்கை எழுதினேன். அதில் ஒரு பகுதி இது.

| உட்பிரிவு | நிபந்தனை | வழக்கு |
|---|---|---|
| 25(1) | எழுத்து, பதிவு, நெருங்கிய உறவு | — |
| 25(1) | இயல்பான அன்பும் பாசமும் | ராஜ்லுக்கி தாபி எதிர் பூத்நாத் முகர்ஜி, 1900 |
| 25(3) | எழுத்து, கையொப்பம், காலவரையறை தாண்டிய கடனைத் தருவதாக வாக்குறுதி | காலவரையறைச் சட்டம் பிரிவு 18-உடன் ஒப்பிடுக |

ராஜ்லுக்கி வழக்கில் கணவர் மனைவிக்குப் பணம் தருவதாக எழுதிக்கொடுத்த பத்திரம் பதிவும் செய்யப்பட்டிருந்தது, உறவும் நெருங்கியதே. ஆனால் இருவருக்கும் இடையிலான சண்டை சச்சரவுகளைப் பத்திரமே சொன்னதால், அன்பினால் எழுதியது என்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரு நிபந்தனையில் விழுந்த வழக்கு அது என்பது புதிய அட்டவணையில் பார்த்தவுடன் தெரிகிறது. பழையதில் வெறும் பெயராகக் கிடந்தது.

சின்னய்யா எதிர் ராமய்யா என்ற 1882-ஆம் ஆண்டுச் சென்னை வழக்கை 25-இன் கீழிருந்து அகற்றி, மறுபயனை வரையறுக்கும் 2(ஈ) வரிசைக்குக் கொண்டுபோனேன். மறுபயனை வாக்குறுதி பெற்றவரே தரவேண்டியதில்லை, வேறொருவரும் தரலாம் என்பதே அதன் தீர்ப்பு. அங்கே மறுபயன் இருந்ததால் 25-க்குள் நுழையவே தேவையில்லை.

இந்த அமைப்பின் பயனை முழுதாக உணர்ந்தது தக்கலையில் ஒரு மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்தில்தான். முடிந்துபோன ஒரு பழைய வழக்குக் கட்டை எடுத்து, ரப்பர் ஷீட் வியாபாரி ஒருவர் எழுதிய சீட்டை அவர் காட்டினார். பெயரையும் தேதியையும் இங்கே மாற்றிச் சொல்கிறேன். கேட்டவுடன் பணம் தருவதாக 2010 மார்ச்சில் எழுதிய புரோநோட்டு. வழக்குத் தொடுக்க உள்ள மூன்று ஆண்டுக் கெடு 2013 மார்ச்சில் முடிந்துவிட்டது. அந்த ஆகஸ்டில் கடனாளியான வியாபாரி இந்தச் சீட்டில் கையெழுத்திட்டிருந்தார். "இதை வைத்து என்ன செய்யலாம், சொல்லு தம்பி" என்றார். காலவரையறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு என்றேன். "கெடு எப்போ முடிஞ்சுது?" என்று மட்டும் கேட்டார். 18-ஆம் பிரிவின்படி கெடுவைப் புதுப்பிக்கும் கடன் ஒப்புதல், கெடு முடிவதற்கு முன்பே எழுதப்பட வேண்டும்; முடிந்த பிறகு கைகொடுக்கக்கூடியது 25(3) மட்டுமே. அதற்கோ "பாக்கி உண்டு" என்ற ஒப்புதல் போதாது, தருவதாக வாக்குறுதி வேண்டும். சீட்டில் "சிங்ஙத்தில் தந்து தீர்க்கிறேன்" என்று இருந்தது. சிங்ஙம் எங்கள் பக்கத்து ஆவணி. அந்த ஒரு தொடரில்தான் வழக்கு நின்றது. அன்றிரவே 25(3)-க்கு எதிரில் "கெடுவுக்கு முன்பா, பின்பா?" என்ற கேள்வியை ஒரு பத்தியாகச் சேர்த்தேன்.

குற்றவியலில் வேறொரு தொல்லை. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது, கொலையை வரையறுக்கும் 300-ஆம் பிரிவு 101 ஆயிற்று. முதலில் பழைய எண்களை அழித்துவிட்டேன். பழைய தீர்ப்புகள் 300 என்றே பேசுவதால், அவற்றைத் தேட வழியில்லாமல் போனது. அழித்ததை எல்லாம் தனிப் பத்தியாகத் திரும்ப எழுத இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன.

குறை ஒன்று உண்டு. நீதிபதி அந்த முடிவுக்கு எப்படி வந்தார் என்பது எந்தக் கட்டத்திலும் அடங்குவதில்லை. ஆகவே வழக்குப் பத்தியில் தீர்ப்பின் பக்க எண்ணை மட்டும் குறித்துவிட்டு, தீர்ப்பைத் தனியே படிக்கிறேன்.