சோம்பல் கண்ணுக்கு ஒட்டா, சொட்டு மருந்தா?

நான்கு வயதுக் குழந்தை ஒன்றுக்கு வலக்கண்ணின் பவர் ப்ளஸ் 1.5, இடக்கண்ணின் பவர் ப்ளஸ் 4.5 என்று வைத்துக்கொள்வோம். வலக்கண் நன்றாகத் தெரிவதால் குழந்தை எங்கும் தடுமாறாது. இடக்கண் அனுப்பும் மங்கலான பிம்பத்தை மூளை ஒதுக்கப் பழகிவிட்டது என்பது, வலக்கண்ணை மூடிச் சோதிக்கும்போதுதான் தெரியவரும். இதுவே சோம்பல் கண். இடக்கண் பார்வை 6/24, அதாவது சாதாரணக் கண் 24 மீட்டரிலிருந்து காண்பதை அது 6 மீட்டரிலிருந்துதான் காணும்.

முதல் சிகிச்சை கண்ணாடிதான். அதை விழித்திருக்கும் நேரமெல்லாம் அணிந்தாலே மூன்று, நான்கு மாதங்களில் பார்வை கூடும். சிலருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படாது. நம் குழந்தை 6/18-இல் நின்றுவிட்டால் ஒட்டு, அட்ரோபின் ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒட்டு என்பது நல்ல கண்ணை ஒட்டும் பட்டையால் மறைத்து, மூளையைச் சோம்பல் கண்ணின் பக்கம் திருப்புவது. நாள் முழுவதும் மறைக்க வேண்டும் என்ற பழைய எண்ணம் மாறிவிட்டது: மிதமான குறைபாட்டில் தினம் 2 மணி நேரமும் 6 மணி நேரமும் நான்கு மாதங்களில் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்ததை 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஒட்டைக் கண்ணாடியின் மீதல்லாமல் தோலின் மீதே ஒட்ட வேண்டும். இல்லையேல் குழந்தை ஓரத்தின் வழியே பார்த்துவிடும். தோல் தடிப்பும் அழுகையும் இம்முறையின் உண்மையான இடையூறுகள்.

அட்ரோபின் 1% சொட்டு நல்ல கண்ணில் இடப்படுகிறது. அது கண்ணின் குவியத் திறனைத் தற்காலிகமாக நிறுத்துவதால் அருகிலுள்ளவை அக்கண்ணுக்கு மங்கும்; படம் வரையவோ எழுத்துகளைப் பார்க்கவோ சோம்பல் கண்ணையே நாட வேண்டியிருக்கும். வார இறுதி இரு நாள்கள் இட்டாலே போதும் என்பதும், பிய்த்தெறிய எதுவும் இல்லை என்பதும் பெற்றோருக்குப் பெரிய ஆறுதல். 2002-இல் வெளியான ஒப்பீட்டில் ஒட்டு தொடக்கத்தில் விரைவாகப் பலன் தந்தாலும், ஆறு மாதங்களில் இரண்டும் கிட்டத்தட்டச் சமமாயின. ஆனால் நல்ல கண் மைனஸ் பவர் உடையதாக இருந்தால், கண்ணாடியைக் கழற்றியதும் அது அருகில் தெளிவாகவே பார்த்துவிடும், சொட்டு வீணாகும். வெளிச்சத்தில் கூச்சம் ஏற்படும். முகம் சிவந்து காய்ச்சல் கண்டால் சொட்டை நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும்.

நான் முதலில் ஒட்டையே பரிந்துரைப்பேன், ஏனெனில் அதை வேண்டியபோது கழற்றிவிடலாம், அட்ரோபினின் விளைவோ பல நாள்கள் நீடிக்கும். ஒட்டினால் தினமும் போராட்டமே மிஞ்சும் வீட்டில், தயங்காமல் சொட்டுக்கு மாறுவது மேல். பாதி நேரம் கழற்றப்பட்ட ஒட்டினால் பலன் குறையும்.

ஏழு வயதுக்குள் இச்சிகிச்சை நன்கு பலிக்கிறது. அதன் பின்னும் பலருக்குப் பயன் கிடைக்கிறது என்றாலும், பதின்ம வயதில் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. சிகிச்சை பொதுவாகப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் நீளும். சில வாரங்களுக்கு ஒருமுறை இரு கண்களையும் சோதிக்க வேண்டும், ஏனெனில் நல்ல கண்ணின் பார்வையும் குறைந்துவிடக்கூடும். முன்னேற்றம் நின்றுபோனால் ஒட்டும் நேரத்தைக் கூட்டுவார்கள். நிறுத்தியபின் ஓராண்டுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்குப் பார்வை மீண்டும் சரிகிறது. 6 மணி நேர ஒட்டைத் திடீரென நிறுத்தியவர்களிடம் இது கூடுதல் என்பதால், முதலில் 2 மணி நேரமாகக் குறைத்துப் பிறகு நிறுத்துவதே முறை. கண்ணாடியை மட்டும் நிறுத்தக் கூடாது.