உவமையா உருவகமா: மெட்டுக்குள் எது நிற்கும்?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திருவிழாப் பாட்டும் ஆல்பம் பாட்டும் எழுதும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இதுதான்: "போல போடட்டுமா, வேணாமா?" பாட்டுக்கு நான் உருவகத்தின் பக்கம்தான்.

இலக்கணம் எல்லோரும் பள்ளியில் படித்ததே. பொருளும் உவமையும் தனித்தனியாக நின்றால் உவமை. இரண்டும் ஒன்றே என்று சொன்னால் உருவகம். பலர் சறுக்குவது தொகையில். 'மலர்விழி' என்பதில் 'போன்ற' மறைந்திருக்கிறது, அதனால் அது உவமைத்தொகை. 'விழிமலர்' என்று திருப்பினால்தான் உருவகம். உருபு கண்ணில் படவில்லை என்பதற்காக உருவகம் என்று எழுதிவிடக்கூடாது.

எனக்கு முடிவைத் தருவது ஒரே கேள்விதான்: போட்ட படம் அடுத்த அடிக்கும் தாங்குமா? 'பாசமலர்' (1961) படத்தில் கண்ணதாசன் எழுதிய தாலாட்டைப் பாருங்கள். "மலர்ந்தும் மலராத பாதி மலர் போல" என்று உவமையில் தொடங்குகிறார். அடுத்து "காலைப் பொழுதாக" என்கிறார். 'போல' போய் 'ஆக' வந்துவிட்டது. பிறகு "நதியில் விளையாடி கொடியில் தலை சீவி நடந்த இளந்தென்றலே". இங்கே உருபே இல்லை, குழந்தையே தென்றல். விளையாடுவது, தலை சீவுவது, நடப்பது என்ற மூன்று வினையும் காற்றுக்கும் பொருந்துகின்றன, குழந்தைக்கும் பொருந்துகின்றன. இதையே 'தென்றல் போல நடந்தாய்' என்று எழுதியிருந்தால் நடை மட்டும்தான் ஒப்பாகியிருக்கும். நதிக்கும் கொடிக்கும் இன்னும் இரண்டு 'போல' வேண்டியிருக்கும். ஒவ்வொரு 'போல'வும் மூன்று மாத்திரை. குறுகிய மெட்டில் அது பெரிய செலவு.

உருவகத்துக்குப் பராமரிப்பு உண்டு. 'உன் கோபம் காவிரி' என்று எழுதினால், ஒகேனக்கல்லில் குதிக்கலாம், மேட்டூரில் அடங்கலாம். அடுத்த அடியில் 'எரிந்து சாம்பலாச்சு' என்று வந்தால் கேட்பவர் மனதில் இருந்த ஆறு காணாமல் போகும். சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. வினைச்சொற்களை மட்டும் தனியே எழுதி, ஒவ்வொன்றும் காவிரி செய்யக்கூடியதா என்று பாருங்கள். பொருந்தாத ஒன்று இருந்தாலும் அந்த அடியை மாற்றுங்கள்.

ஒரே ஒரு குணத்தைத் துல்லியமாகக் காட்ட வேண்டுமென்றால் உவமையே மேல். பாதி திறந்த கண்ணுக்குப் பாதி மலர்ந்த பூ என்பதில் அந்தப் 'பாதி'தான் உயிர். அதைத் தாண்டி அந்தப் பூ எதையும் சுமக்க வேண்டியதில்லை. கும்மி, தெம்மாங்கு போன்ற மெட்டுகளிலும் 'போல', 'மாதிரி' என்று திரும்பத் திரும்ப வருவது தாளத்தோடு இழைந்துவிடும். நான் சொன்ன கணக்கு மெதுவான மெல்லிசைப் பாட்டுக்கு. வேகமான குத்துப் பாட்டுக்கு அது அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அங்கே கேட்பவருக்குப் படத்தைத் தொடர நேரமிருக்காது, ஒரு 'போல'யிலேயே விஷயம் முடிந்துவிடலாம்.