சாம்பிள் நேராகப் போகட்டுமா, மதுரை வழியாக வரட்டுமா?

மதுரையில் உட்கார்ந்துகொண்டு கரூர்த் தறித் துணிகளை வெளிநாட்டுக் கடைகளுக்கு விற்றுக் கொடுக்கிற என்னைப் போன்றவர்களுக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஒரு கடைக்காரர் சாம்பிள் கேட்கிறார். துணி கரூரில் இருக்கிறது. நான் மதுரையில் இருக்கிறேன். கரூர்க்காரரே நேராக ஹாம்பர்க்குக்கு அனுப்பட்டும், கூரியர் செலவு என்னுடையது என்று சொல்லிவிடலாமா? அல்லது துணியை முதலில் இங்கே வரவழைத்து, பார்த்து, நானே கட்டி அனுப்புவதா?

எடுத்துக்காட்டுக்கு ஒரு சரக்கை வைத்துக்கொள்வோம்: பன்னிரண்டு சமையலறைத் துண்டுகள், நான்கு ஏப்ரன்கள். பெட்டியோடு சேர்த்து 1.8 கிலோ. இதை அனுப்ப ஐந்து வழிகள் உண்டு. வாடிக்கையாளரின் கூரியர் கணக்கிலேயே அனுப்பும் வழியை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். பெரிய நிறுவனங்கள் தாமாகவே தங்கள் கணக்கு எண்ணைத் தருவார்கள். அப்போது மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்ளலாம். இன்னும் ஆர்டர் கொடுக்காத ஒரு சிறு கடைக்காரரிடம் நாமாகக் கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

மதுரை வழியாக வரவழைப்பதன் பலம், துணி கண்ணால் பார்க்கப்படுகிறது என்பது. கரூரிலிருந்து பார்சல் பெரும்பாலும் மறுநாளே வந்துவிடும். விரித்துப் பார்க்கலாம், எடை போடலாம், ஈரத் துணியால் தேய்த்து நீலச் சாயம் ஒட்டுகிறதா என்று சோதிக்கலாம். தையல் பிரிந்த துண்டை எடுத்துவிடலாம். தயாரிப்பாளரின் விலைப்பட்டியலோ விசிட்டிங் கார்டோ பெட்டிக்குள் இருந்தால் அதையும் எடுத்துவிடலாம். இதற்கு இரண்டு மூன்று நாட்களும் ஓர் உள்ளூர் பார்சல் கட்டணமும் செலவாகும். புதிதாகப் பழகும் தயாரிப்பாளர் என்றால் இந்தச் செலவைத் தயங்காமல் செய்வேன். அவருடைய கைத்தரம் தெரியாமல், அவர் கட்டிய பெட்டியை என் வாடிக்கையாளர் முதன்முதலில் திறக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

பழகிய தயாரிப்பாளர் என்றால் கதை வேறு. அங்கே நேரடியாக அனுப்புவதே சரி. ஆனால் "நேரடி" என்பதற்குள்ளேயே மூன்று ஏற்பாடுகள் இருக்கின்றன, அவற்றின் விளைவுகள் ஒன்றுக்கொன்று வெகுதூரம்.

முதல் ஏற்பாடு: தயாரிப்பாளர் தன் கூரியர் கணக்கில் அனுப்பிவிட்டு, செலவை என் பில்லில் சேர்ப்பது. ஏற்றுமதியில் ஊறிய கரூர் ஆலைகளுக்குக் கூரியர் நிறுவனங்கள் நல்ல தள்ளுபடி தருவதுண்டு. மாதத்துக்கு நான்கு பெட்டி அனுப்பும் எனக்கு அந்த விலை கிடைக்காது. ஆகவே செலவு குறையக்கூடும். ஆனால் எத்தனை கிலோவுக்குக் கட்டணம் போட்டார்கள் என்பது எனக்குத் தெரியாமலே போகலாம். "கூரியர் செலவு" என்று ஒற்றை வரி எழுதி வரும் பில்லை ஏற்காமல், கூரியர் நிறுவனத்தின் பில் நகலை இணைக்கும்படி முன்கூட்டியே கேட்க வேண்டும். கேட்பதில் தவறில்லை; நல்ல ஆலைக்காரர்கள் யாரும் முகம் சுளிப்பதில்லை.

இரண்டாவது ஏற்பாடு: என் கூரியர் கணக்கு எண்ணைத் தயாரிப்பாளரிடம் கொடுத்து, "அனுப்புபவர் நீங்கள், பெறுபவர் அவர், கட்டணம் மூன்றாம் நபரான என் கணக்கில்" என்று சொல்வது. கேட்க எளிது. இதை நான் விரும்புவதில்லை. எண் ஒருமுறை ஆலையின் அனுப்புகைப் பிரிவுக்குப் போய்விட்டால், அங்கே யாருடைய மேசையில் ஒட்டப்பட்டிருக்கும் என்று நமக்குத் தெரியாது. வேறு சரக்குக்குத் தவறுதலாகப் பயன்பட்டாலும் மாதக் கடைசியில் பில் நம் வாசலுக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல் பெட்டியின் அளவு. கட்டணம் தன்னுடையதல்ல என்னும்போது, கட்டும் பையன் கைக்குக் கிடைத்த பெட்டியைத்தான் எடுப்பான்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நம் எடுத்துக்காட்டிலேயே பார்க்கலாம். வெளிநாட்டு விரைவுக் கூரியர்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுக்கிறார்கள். வருவது கனஎடை. உண்மை எடை, கனஎடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். ஆலையில் கிடைக்கும் 45 × 35 × 25 பெட்டியில் நம் துணியை வைத்தால் கனஎடை 7.9 கிலோ ஆகிவிடும். எட்டு கிலோவுக்குக் கட்டணம். அதே துணியை அழுத்தி மடித்து 35 × 25 × 10 பெட்டியில் வைத்தால் கனஎடை 1.75 கிலோதான், உண்மை எடையான 1.8 கிலோ முந்திக்கொள்ளும், இரண்டு கிலோவுக்குக் கட்டினால் போதும். துணி மாறவில்லை, ஊர் மாறவில்லை. பெட்டி மட்டும் மாறியதால் கட்டண எடை நான்கு மடங்காகிறது.

மூன்றாவது ஏற்பாடு, என் தேர்வு: பெட்டியோடு போகும் கூரியர் சீட்டான ஏர்வே பில்லை நானே தயாரிப்பது. கூரியர் நிறுவனத்தின் தளத்தில் என் கணக்கில் நுழைந்து, பெட்டியை எடுக்க வேண்டிய இடமாகக் கரூர் ஆலையைக் கொடுத்து, லேபிளை உருவாக்கி மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறேன். ஆலையில் அதை அச்செடுத்து ஒட்டினால் போதும். வண்டி அங்கே போய் எடுத்துக்கொள்ளும். அவர்கள் புதிதாகப் பதிவுசெய்ய என் கணக்கு எண்ணை நான் எங்கும் எழுதிக் கொடுப்பதில்லை. பெட்டியின் அளவும் எடையும் நான் எழுதியவை என்பதால், அளவு மீறினால் பில்லில் உடனே தெரிந்துவிடும். குறிப்பு எண்ணுக்கான கட்டத்தில் வாடிக்கையாளரின் பெயரைச் சுருக்கி எழுதிவிடுவேன். பிறகு எந்தச் சாம்பிளுக்கு எவ்வளவு ஆனது என்று தேட வேண்டியதில்லை.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது, அதில் நிதானம் தேவை. பெட்டிமேல் யார் பெயர்? தயாரிப்பாளர் பெயரில் போனால், இன்வாய்ஸில் அவர் பெயர், முகவரி, தொலைபேசி எல்லாம் இருக்கும். ஹாம்பர்க் கடைக்காரர் அடுத்த முறை அவரையே அழைக்கலாம். நான் வெளிப்படையாகத் தரகு வாங்கும் முகவர் என்றால் இதில் பயமில்லை. இருவரும் ஒருவரையொருவர் அறிந்தே இருக்கிறார்கள். நானே வாங்கி விற்கும் வியாபாரி என்றால் பெட்டி என் பெயரில் போக வேண்டும். ஆனால் பெயரை மட்டும் மாற்றி எழுதினால் போதாது. துணி உண்மையிலேயே எனக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். ஆகவே சாம்பிளை இலவசமாகக் கேட்காமல் விலை கொடுத்து வாங்குகிறேன்: பில் என் பெயரில், சரக்கு வேறு முகவரிக்கு. ஏற்றுமதி இன்வாய்ஸ் என் பெயரில், கூரியரிடம் நான் கொடுத்துள்ள கே.ஒய்.சி. ஆவணங்களோடு பொருந்தும்படி. தயாரிப்பாளருக்கும் இதில் ஒரு நிம்மதி உண்டு: இலவச சாம்பிளாகக் கொடுத்தால் ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவின்படி அந்தத் துணிக்கான உள்ளீட்டு வரிக் கழிவை அவர் இழக்க நேரிடும், விற்றுவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை.

சாம்பிள்தானே என்று இன்வாய்ஸில் மதிப்பைப் பூஜ்யமாகப் போடக் கூடாது. சுங்கத்துக்கு ஒரு நியாயமான மதிப்பு வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரையிலான சரக்குக்கு இருந்த வாட் விலக்கு 2021 ஜூலை 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. அற்ப மதிப்புள்ள சாம்பிளுக்குத் தனி விலக்கு இருக்கிறது. ஆனால் அதை விற்க முடியாதபடி கிழிக்கவோ துளையிடவோ அழியாத குறியிடவோ அங்குள்ள சுங்கம் கேட்கலாம். துண்டைக் கிழித்தால் வாடிக்கையாளர் துவைத்துப் பார்க்க முடியாது. மூலையில் அழியாத மையில் "சாம்பிள், விற்பனைக்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் முத்திரை குத்துவதே நல்லது. அப்படியும் வரி விழுந்தால் யார் கட்டுவது என்பதை லேபிள் தயாரிக்கும்போதே தேர்வு செய்ய வேண்டும். நான் என் கணக்கையே தேர்வு செய்கிறேன். இலவசமாக வருகிறது என்று நம்பியிருந்தவரிடம் கூரியர்காரர் வாசலில் நின்று பணம் கேட்பது வியாபாரத்துக்கு நல்லதல்ல.

நேரடியாக அனுப்பும்போது இழப்பது ஒன்றே: துணியை நான் பார்ப்பதில்லை. "அந்த நீலம் பிடித்திருக்கிறது, கொஞ்சம் அடர்த்தியாக வேண்டும்" என்று ஹாம்பர்க்கிலிருந்து கடிதம் வந்தால், எந்த நீலம் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? அதனால் ஒரே ரோலிலிருந்து மூன்று செட் வெட்டச் சொல்கிறேன். ஒன்று வாடிக்கையாளருக்கு, ஒன்று சாதாரண பார்சலில் எனக்கு, ஒன்று ஆலையின் அலமாரிக்கு. மூன்றிலும் ஒரே சாய லாட் எண் எழுதிய அட்டை. ஆலைக்கு எழுதும் கடிதம் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"வணக்கம் ஐயா. பேசியபடி நீலக் கட்டம் போட்ட சமையலறைத் துண்டு 12, ஏப்ரன் 4, ஒரு செட்டாக மூன்று செட் வேண்டும். மூன்றும் ஒரே ரோல், ஒரே சாய லாட்டாக இருக்கட்டும். மூன்று செட்டுக்கும் பில் என் பெயரில் போடுங்கள். முதல் செட் இணைத்துள்ள முகவரிக்கு நேராகப் போக வேண்டும். கூரியர் கட்டணம் என்னுடையது, லேபிளும் இன்வாய்ஸும் இணைத்திருக்கிறேன், நீங்கள் தனியாகப் பதிவுசெய்ய வேண்டாம். பெட்டி 35 × 25 × 10 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். உள்ளே விலைப்பட்டியலோ கார்டோ வேண்டாம். கட்டுவதற்கு முன் துணியையும், கட்டிய பின் எடைமேடையில் பெட்டியையும் படமெடுத்து அனுப்புங்கள். படம் பார்த்துச் சொன்ன பிறகே வண்டிக்குப் பதிவுசெய்கிறேன். இரண்டாவது செட் மதுரைக்குச் சாதாரண பார்சலில் வரட்டும். மூன்றாவதை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்."

இந்தக் கடிதத்தில் படம் பற்றிய வரியை மட்டும் எப்போதும் விட்டுவிடுவதில்லை. வண்டிக்கான பதிவு என் கையில் இருக்கும்வரை, படத்தில் தையல் கோணலாகத் தெரிந்தாலோ பெட்டி பெருத்திருந்தாலோ நிறுத்திவைக்க முடியும். முதல் இரண்டு ஏற்பாடுகளில் அந்தப் பிடி தயாரிப்பாளரிடம் போய்விடுகிறது. துணி இறங்கிய செய்தி தளத்தில் தெரிந்ததும், வாடிக்கையாளருக்கு நான் எழுதும்போது என்னுடைய செட் மேசைமேல் விரித்திருக்கும். அவர் எந்தத் துண்டைப் பற்றிக் கேட்டாலும் லாட் எண்ணைச் சொல்லிப் பேச முடிகிறது.