மருந்து அட்டையின் ஓரத்தைப் பாருங்கள்: 2023 இல் முடிந்ததை விற்றுவிட்டு 2028 என்றார்கள்

அம்மா ஒட்டுசுட்டான் பக்கம் தனியாக இருக்கிறா. நான் வேலைக்காக வவுனியாவில். 2023 நவம்பரில் கிளினிக்கில் பிறஷர் குளிசை இல்லை, வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மாரி மழைக்குள் பஸ் ஏறி, ஏ-9 வீதியோரம் உள்ள ஒரு பாமசியில் லொசாட்டன் 50 மில்லிகிராம், ஒரு மாதத்துக்கு முப்பது குளிசை வாங்கினா. பத்துப் பத்தாக மூன்று அட்டைகள், றப்பர் பாண்ட் போட்டுக் கடதாசி உறையில். பில் கொடுக்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து, அதே குளிசையை வவுனியாவில் வாங்கி அனுப்பச் சொல்லி அட்டையைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினா. முதல் அட்டை முடிந்து, இரண்டாவதில் மூன்று குளிசை எடுத்திருந்தா. படத்தில் மருந்தின் பெயர் தெளிவு. திகதி இருக்கிற ஓரம் மட்டும் றப்பர் பாண்டில் மடிந்து கசங்கிப்போய் இருந்தது. `EXP 08.2028` மாதிரித் தெரிந்தது. இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறதே என்று நிம்மதியாக விட்டிருப்பேன். ஆனால் மேலே இருந்த `MFG 04.2021` கண்ணில் பட்டது. செய்த நாளில் இருந்து ஏழு வருஷத்துக்கு மேல் நிற்கிற பிறஷர் குளிசையா?

எனக்குப் பொறி தட்டியது அந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். நாங்கள் வாங்குகிற குளிசைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆயுள் இரண்டு வருஷம் அல்லது மூன்று வருஷம். பல கம்பனிகள் அதை முழு மாதங்களாகக் கணக்குப் பார்த்துப் போடுவார்கள். அதனால் முடிகிற மாதம் செய்த மாதத்துக்கு ஒரு மாதம் முன்னால் வரும். ஏப்ரலில் செய்தது என்றால் மார்ச்சில் முடியும். அம்மாவிடம் இருந்த மூன்றாவது அட்டையை, பிரிக்காததை, படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதே மருந்து, அதே கம்பனி, மடிப்பில்லாத ஓரம்: `MFG 01.2023`, `EXP 12.2024`. சரியாக 24 மாதம்.

இப்போது கசங்கிய அட்டைக்கு வருவோம். மடிப்புக்குள் இருந்த இரண்டு இலக்கமும் 3 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம். அப்படிப் பார்த்தால் நான்கு வாசிப்பு வரும். 08.2028 என்றால் 89 மாதம். 03.2028 என்றால் 84 மாதம். 08.2023 என்றால் 29 மாதம். 03.2023 மட்டும்தான் 24 மாதம். நவம்பரில் வாங்கிய குளிசை மார்ச் மாதக் கடைசியோடு முடிந்துவிட்டது. 08.2023 என்று வைத்தாலும் முடிந்ததுதான்.

கணக்கு சரி, கண்ணாலும் பார்க்க வேண்டுமே. இந்த அட்டைகளில் திகதியை மையால் அச்சடிப்பதில்லை, அலுமினியத் தாளில் அழுத்திப் பதிக்கிறார்கள். நிழல் விழுந்தால்தான் எழுத்துத் தெரியும். பிளாஷ் போட்டால் தாள் பளீரென்று மின்னி எல்லாம் அழிந்துவிடும். மடிப்புக்கும் ஒரு நிழல் உண்டு. 3 இன் இடதுபக்கம் திறந்திருக்கும். அந்த இடத்தில் ஒரு மடிப்பு நிமிர்ந்து ஓடினால் திறப்பு மூடி 8 ஆகிவிடும். அம்மாவின் படத்தில் நடந்தது அதுதான்.

“நகத்தால் தேய்ச்சு நிமிர்த்தட்டே தம்பி?” என்று அம்மா கேட்டா. நல்ல காலம், செய்ய முதல் கேட்டா. தேய்த்தால் மடிப்போடு எழுத்தும் சேர்ந்து தட்டையாகிவிடும், பிறகு யாராலும் வாசிக்க முடியாது. “தேய்க்க வேண்டாம் அம்மா, மேசையில வைச்சு இரண்டு பக்கமும் மெதுவாப் பிடியுங்கோ” என்றேன். பக்கத்து வீட்டுப் பெடியன் தன் போனின் டோர்ச்சை மேசை மட்டத்துக்குப் பதித்துப் பிடித்தான். ஒரு படம் வெளிச்சம் இடதுபக்கம் இருந்து வர, ஒரு படம் மேல்பக்கம் இருந்து வர. வெளிச்சம் இடம் மாறும்போது மடிப்பின் நிழல் ஓடிவிடும், எழுத்தின் வடிவம் நிற்கும். போனைக் கிட்டக் கொண்டுபோனால் படம் மங்கும். ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பெரிதாக்கி எடுப்பது நல்லது. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி நுணுக்கம் போய்விடும், அதனால் டொக்கியூமன்டாக அனுப்பச் சொன்னேன். குளிசை இருக்கிற பக்கத்தால் எடுத்தால் சில அட்டைகளில் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம்வலம் மாறி வரும். அப்படி வந்தால் படத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

முதல் இலக்கம் அப்படியே 3 என்று தெரிந்துவிட்டது. கடைசி இலக்கம் அசையவில்லை. அந்தப் பெடியன்தான் தன் கொப்பியில் இருந்து ஒரு தாளைக் கிழித்து ஓரத்தின் மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்து மெல்ல உரசினான். நாணயத்துக்கு மேல் தாள் வைத்து உரசுவோமே, அதேதான். சாம்பல் நிறத்துக்குள் 2023 எழும்பி வந்தது. 3 இன் இடதுபக்கம் வெள்ளையாகத் திறந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை அம்மாவோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இது 2028. வடிவாப் பாருங்கோ” என்றார். பென்சில் தாளைக் காட்டினேன். உடனே உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, “இந்தப் பெட்டியில இருந்துதான் தந்தது, திகதியைப் பாருங்கோ, 12.2024” என்றார். பெட்டியில் எழுத்து மையால் தெளிவாக இருந்தது.

பச் நம்பரின் பயன் எனக்கு விளங்கியது அப்போதுதான். ஒரே தடவையில் செய்த குளிசை எல்லாவற்றுக்கும் ஒரே நம்பர், பெட்டியிலும் அட்டையிலும் அதே நம்பர். பெட்டியில் 342 என்று முடிந்தது. அம்மாவின் மூன்றாவது அட்டையிலும் 342. கசங்கிய அட்டையில் 117. அது அந்தப் பெட்டியில் இருந்து வரவே இல்லை. நல்ல அட்டைகளுக்கு நடுவில் பழையதைச் செருகி, றப்பர் பாண்ட் போட்டிருக்கிறார்கள். தெரிந்தே செய்தார்களா, இறாக்கையில் கலந்துபோனதா, நான் சொல்ல முடியாது. ஆனால் நம்பரைக் காட்டிய பிறகும் அவர், “வெட்டின அட்டை திருப்பி எடுக்கிறதில்லை” என்றார். மன்னிப்பு ஒரு சொல்லும் இல்லை. எழுபது வயது மனுசி முன்னால் நிற்கிறா.

ஒரு விஷயம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த மூன்று குளிசையால் அம்மாவுக்கு ஏதும் நடந்தது என்று நான் சொல்லவில்லை. காலம் கடந்தால் மருந்தின் வீரியத்துக்கு உத்தரவாதம் இல்லை, அவ்வளவுதான் தெரியும். கிளினிக்கில் சொல்லிப் பிறஷர் பார்த்துக்கொண்டோம்.

பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன். அங்கே கேட்ட முதல் கேள்வி, “பில் இருக்கா?” இல்லை. அட்டையும் படங்களும் மட்டும்தான் இருந்தன. எங்கே வாங்கியது என்பதை அதை வைத்து நிறுவுவது கஷ்டம். எங்கள் முறைப்பாட்டின் ஓட்டை அது.

இப்போது அம்மா பில் எழுதி வாங்காமல் கடையை விட்டு வெளிக்கிடுவதில்லை. றப்பர் பாண்டைக் கழற்றி ஒவ்வொரு அட்டையாகப் பார்த்து, மூன்றிலும் ஒரே நம்பரா என்று பார்க்கிறா. அரை அட்டை வாங்கினால் திகதி உள்ள பாதியைத்தான் கேட்கிறா. அது இல்லை என்றால் பெட்டியைப் பார்த்து நம்பரையும் திகதியையும் பில்லில் எழுதச் சொல்கிறா. வீட்டில் குளிசையை எதிர்ப்பக்கத்தில் இருந்து எடுக்கிறா, திகதி ஓரம் கடைசிக் குளிசை வரை அப்படியே இருக்கும். கசங்கிய அந்த அட்டை, ஏழு குளிசையோடும் பென்சில் தாளோடும், ஒரு உறைக்குள் என்னிடம் இருக்கிறது.