பரிந்துரைத்தவரின் பெயரைக் காட்டுவதா, மறைப்பதா?

எங்கள் நிறுவனத்தின் ஊழியர் பரிந்துரைத் திட்டத்தைத் திருத்தும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, இரண்டு வடிவங்களை எடைபோட்டோம். முதலாவதில், ஊழியர் தமக்குத் தெரிந்தவரின் விண்ணப்பத்தைத் தம் பெயருடன் நேரே மேலாளருக்கு அனுப்புவார். வந்தவர் தகுதிகாண் காலத்தை முடித்ததும் பரிந்துரைத்தவருக்குப் பெரிய ஊக்கத்தொகை கிடைக்கும். இரண்டாவதில், விண்ணப்பம் மனிதவளப் பிரிவுக்கு மட்டும் வரும். பரிந்துரைத்தவரின் பெயர் முடிவு எழுத்தில் பதிவாகும்வரை தேர்வுக் குழுவுக்குத் தெரியாது. விண்ணப்பதாரர் திறன் தேர்வில் தேறினாலே பரிந்துரைத்தவருக்குச் சிறு தொகை வழங்கப்படும்.

வேகத்தில் முதலாவதே மேல், அதில் வாதமில்லை. இருந்தும் நாங்கள் இரண்டாவதையே ஏற்றோம். பரிசு வேலை நியமனத்தோடு கட்டப்பட்டால், பரிந்துரைத்தவர் மேலாளரின் அறை வாசலில் நின்று “நம்ம ஆளு எப்படி?” என்று கேட்கவே செய்வார், திறன் தேர்வோடு கட்டப்பட்டால் அந்தக் கேள்விக்கு அவசியம் இல்லை.

முடிவைத் தீர்மானித்தது, பரிந்துரையால் ஒரே பின்னணியினர் குவிவதன் விலை. சிங்கப்பூரில் வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸ் விண்ணப்பங்களை மதிப்பிடும் காம்பஸ் முறையில் 40 புள்ளிகள் வேண்டும். நிறுவனத்தின் நிபுணர், மேலாளர், நிர்வாகி, தொழில்நுட்பர் நிலையினரில் விண்ணப்பதாரரின் நாட்டவர் 5 விழுக்காட்டிற்கும் குறைவென்றால் 20 புள்ளிகளும், 25 விழுக்காட்டிற்கும் குறைவென்றால் 10 புள்ளிகளும் கிடைக்கும். 25 விழுக்காடோ அதற்கு மேலோ என்றால் புள்ளியே இல்லை. அந்நிலையில் 40 பேர் இருக்கும் நிறுவனத்தில் ஒரு நாட்டவர் 9 பேர் என்று வைத்துக்கொள்வோம்; அது 22.5 விழுக்காடு. வேறு நாட்டவர் ஒருவர் விலகிய இடத்திற்கு, பரிந்துரை வழியே பத்தாமவர் வந்தால் கணக்கு 25 விழுக்காட்டைத் தொட்டுவிடும். சம்பளம், கல்வித் தகுதி, உள்ளூர் வேலைவாய்ப்பு ஆகிய மூன்றிலும் பத்துப் பத்துப் புள்ளிகள் மட்டுமே பெறுபவர் அதுவரை 40-ஐ எட்டியிருப்பார். இனி 30-இல் நிற்பார். புதுப்பித்தலுக்கும் இம்முறை பொருந்துவதால், நண்பரைக் கொண்டுவந்தவரின் சொந்த அனுமதியே தடுமாறக்கூடும். இதை விளக்கியபோதுதான் ஊழியர்களின் முணுமுணுப்பு அடங்கியது.

இதற்காக ஒரு நாட்டவரை ஒதுக்குவது தீர்வாகாது, அதுவே பாகுபாடு. பரிந்துரை வந்தாலும் வேலையைப் பொதுவில் விளம்பரம் செய்து, எல்லாருக்கும் ஒரே தேர்வை வைத்து, விண்ணப்பக் கூட்டத்தையே விரிவாக்குவதுதான் எங்கள் வழி. ஆனால் காம்பஸின் இந்த அளவுகோல் நாட்டுரிமையை மட்டுமே பார்க்கும். உள்ளூர் ஊழியர்கள் ஒரே தொழிற்கல்லூரி வகுப்பிலிருந்து வந்து சேர்வது அதில் தெரியாது. நாமே கணக்கு வைக்க வேண்டும்.

மறைத்த பெயர் கசிகிறதா என்பதையும் பார்க்கலாம். திறன் தேர்வில் சமமாகத் தேறிய இரு சாராரில், பரிந்துரையில் வந்தவர்கள் மட்டும் நேர்முகத்தில் தொடர்ந்து கூடுதலாகத் தேர்வானால் சந்தேகிக்க இடமுண்டு. ஆட்சேர்ப்பு குறைவான ஆண்டில் அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம்.

மூத்த பதவிகளுக்கு இந்த வடிவம் எவ்வளவு உதவும் என்று என்னால் உறுதியாகக் கூற முடியவில்லை. துறை சிறியது, எல்லாரும் எல்லாரையும் அறிவர். அப்பதவிகளில் பெயரை மறைக்காமல், பரிந்துரைப்பவர் தமக்குள்ள உறவை எழுத்தில் தெரிவித்துத் தேர்வுக் குழுவிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.