தண்டனைத் தீர்ப்பைச் சுருக்க இரண்டு வழிகள்: ஸ்ரத்தானந்தா வழக்கை வைத்து ஓர் ஒப்பீடு

கொலை வழக்கில் மரண தண்டனையா, ஆயுள் தண்டனையா என்று முடிவு செய்யும் தீர்ப்பைச் சுருக்கித் தரச் சொன்னால், பெரும்பாலோர் தாளை நடுவில் கோடு போட்டுப் பிரிக்கிறார்கள். இடப்பக்கம் குற்றத்தின் கடுமையைக் கூட்டும் சூழ்நிலைகளும் வலப்பக்கம் தணிக்கும் சூழ்நிலைகளும் வர, அடியில் தண்டனை ஒரு வரியாக நிற்கும். இன்னொரு வழியில் தண்டனையை முதலில் எழுதி, நீதிமன்றம் அங்கு எப்படி வந்து சேர்ந்தது என்று பின்னோக்கித் தேட வேண்டும். இவற்றில் எது தீர்ப்புக்கு நேர்மையாக இருக்கிறது என்பதை, சுவாமி ஸ்ரத்தானந்தா எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில் 2008 ஜூலை 22 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை வைத்துப் பார்க்கலாம்.

பெங்களூரில் வசதியான குடும்பத்துப் பெண்ணை மணந்த ஸ்ரத்தானந்தா, 1991இல் அவருக்கு மயக்க மருந்து கொடுத்துப் பெட்டிக்குள் வைத்து வீட்டு வளாகத்திலேயே புதைத்தார். மனைவி வெளியூர் போயிருப்பதாக மகளிடமும் மற்றவர்களிடமும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சொல்லிவந்ததோடு, அவருடைய சொத்துகளையும் விற்றார். 1994 மார்ச்சில் உடல் தோண்டி எடுக்கப்பட்டது. விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதிக்க, உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2007இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாக ஒத்துக்கொண்டு தண்டனையில் மட்டும் பிரிந்தார்கள். நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு மரண தண்டனை என்றார், நீதிபதி எஸ்.பி.சின்ஹா சாகும்வரை சிறை என்றார். அதனால் வழக்கு மூன்று நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி அஃப்தாப் ஆலம்.

அட்டவணை முறையில் இந்த வழக்கு சிரமமின்றி அடங்கிவிடும். நம்பிக்கைத் துரோகம், சொத்தாசை, முன்கூட்டிய திட்டம், மூன்றாண்டு மறைப்பு ஆகியவை இடப்பக்கம் வரும். வலப்பக்கத்தில், மயக்கத்தில் இருந்ததால் இறந்தவருக்கு வலி தெரிந்திருக்காது, குற்றவாளி உயர் நீதிமன்றத்தின் முன் குற்றத்தை ஓரளவு ஒப்புக்கொண்டார் என்று இந்த வழக்கில் பேசப்பட்டவை வரும். இடப்பக்கம் இவ்வளவு கனமாக இருந்தும், மரண தண்டனை நீக்கப்பட்டு, குற்றவாளி உயிருள்ளவரை விடுதலை செய்யப்படக் கூடாத ஆயுள் தண்டனை தரப்பட்டது என்ற கடைசி வரியைப் படிக்கும் வாசகர், வலப்பக்கத்து இரண்டு வரிகள்தாம் தூக்குக் கயிற்றை விலக்கின என்று எண்ணிக்கொள்வார். தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை.

அட்டவணைக்குத் தீர்ப்புகளிலேயே ஆதாரம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 1983இல் மச்சி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கூட்டும் சூழ்நிலைகளையும் தணிக்கும் சூழ்நிலைகளையும் ஐந்தொகைபோல் எழுதி, தணிப்பவற்றுக்கு முழு மதிப்புக் கொடுத்து எடைபோடச் சொன்னது. ஆனால் 2012இல் சங்கீத் எதிர் ஹரியானா வழக்கில் அதே நீதிமன்றம் இந்த ஐந்தொகையையே கேள்விக்குள்ளாக்கியது. முதல் வகை குற்றத்தைப் பற்றியது, இரண்டாம் வகை குற்றவாளியைப் பற்றியது. வெவ்வேறான இரண்டை ஒரே தராசில் எப்படி நிறுப்பது என்பது அந்தக் கேள்வி. கூட்டிக் கழித்து மீதி காட்டும் தோற்றத்தை அட்டவணை தானாகவே தந்துவிடுவதால், சுருக்குபவருக்கும் இந்தக் கேள்வி பொருந்துகிறது.

இப்போது பின்னோக்கிப் படிக்கும் வழிக்கு வருவோம். தண்டனையில் இரண்டு பாதிகள் இருக்கின்றன: தூக்கு இல்லை, விடுதலையும் இல்லை. இவற்றுக்குத் தீர்ப்பு வெவ்வேறு காரணங்களைத் தருகிறது. முதல் பாதிக்கான காரணம் பெரும்பாலும் குற்றவாளியைப் பற்றியதே அல்ல. மரண தண்டனைக்குரிய கொலைகள் என மச்சி சிங் வழக்கு வகுத்த வகைப்பாடுகள் மாறாத விதிகள் அல்ல என்றும், அரிதினும் அரிதான வழக்கில் மட்டுமே மரண தண்டனை என்ற அளவுகோல் ஒரே சீராகப் பயன்படுத்தப்படவில்லை என்றும், மரண தண்டனை உறுதியாவது எந்த அமர்வு கேட்கிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது என்றும் தீர்ப்பு நீளமாக ஆராய்கிறது. திருப்பி எடுக்க முடியாத தண்டனைக்குச் சிறு தயக்கமும் ஒவ்வாது. இந்த அமர்வுக்கோ தயக்கம் இருந்தது. குற்றம் கொடியது, நோக்கம் இழிவானது என்பதில் மாற்றமில்லை என்றும் அதே இடத்தில் சொல்லப்பட்டிருக்கிறது.

இரண்டாம் பாதியின் காரணத்தை ஒரு சிறு கணக்கில் காணலாம். குற்றவாளி 1994 மார்ச் 28இல் காவலில் எடுக்கப்பட்டார். தீர்ப்பு நாளில் 14 ஆண்டுகளைத் தாண்டியிருந்தார். வெறும் ஆயுள் தண்டனை என்று எழுதினால், தண்டனைக் குறைப்பு விதிகளின்படி 2009இன் முதல் காலாண்டில் அவர் வெளியே வந்துவிட வாய்ப்பு அதிகம் என்று கர்நாடக அரசின் வழக்கறிஞர் நீதிமன்றத்திடம் தெரிவித்தார். அதை ஏற்க முடியாது என்றது அமர்வு. மரணம், நடைமுறையில் 14 ஆண்டு என இரண்டே தேர்வுகள் இருந்தால், பின்னது போதாது என்பதற்காகவே நீதிமன்றம் முன்னதை நோக்கித் தள்ளப்படும். எனவே இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் பெரிய இடைவெளியைத் தேர்வாக எடுத்துக்கொள்வதே நியாயம் என்று தீர்ப்பு முடிகிறது. இந்தக் கணக்கு கூட்டும் சூழ்நிலையும் அல்ல, தணிக்கும் சூழ்நிலையும் அல்ல. அட்டவணையில் அதற்கு இடமில்லாததால் சுருக்கத்தில் அது விழுந்துவிடுகிறது. என் பார்வையில் இத்தீர்ப்பின் அச்சாணியே அதுதான்.

சுருக்குபவர் இங்கே சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டு என்று எழுதிவிடக் கூடாது. ஆயுள் என்பது சட்டப்படி வாழ்நாள் முழுதுமே. 2024 ஜூன் வரை நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433ஏ பிரிவு சொன்ன 14 ஆண்டு, கொலை போன்ற குற்றங்களில் ஆயுள் கைதியை அரசு விடுவிப்பதற்கு முன் அவர் கழித்தாக வேண்டிய குறைந்தபட்சக் காலம்.

இந்த வழியில் எழுதினால் சுருக்கம் ஏறத்தாழ இப்படி வரும்: “மரண தண்டனை நீக்கப்பட்டது, குற்றவாளி உயிருள்ளவரை விடுதலையாகக் கூடாது என்ற ஆணையுடன் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மரண தண்டனை சீரற்ற முறையில் விதிக்கப்படுவதாலும் அது திரும்பப் பெற முடியாதது என்பதாலும் அமர்வு தயங்கியது. சாதாரண ஆயுள் தண்டனை விரைவில் விடுதலையில் முடியும் என்பதால் அதுவும் போதாது எனக் கருதியது. திட்டமிட்ட கொலையும் இழிந்த நோக்கமும் இரண்டாவது முடிவுக்கு வலுச்சேர்த்தன.” சூழ்நிலைகள் மறையவில்லை, எந்த முடிவைத் தாங்குகின்றனவோ அதன் பக்கத்தில் நிற்கின்றன.

இந்த வழிக்கும் குறை உண்டு. தண்டனையிலிருந்து தொடங்குபவர், அதற்கு உதவாத சூழ்நிலைகளைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவார். அதற்கு அட்டவணையே நல்ல காவல். ஆனால் அதில் மூன்றாவது நெடுவரிசை ஒன்று வேண்டும். ஒவ்வொரு சூழ்நிலைக்கும் எதிரே, அதைச் சொன்னவர் வழக்கறிஞரா, கீழமை நீதிமன்றமா, இந்த அமர்வா என்றும், அமர்வு அதை ஏற்றதா, மறுத்ததா, பேசாமல் கடந்ததா என்றும் குறிக்க வேண்டும். “என்று வாதிடப்பட்டது” என முடியும் வாக்கியத்தை நீதிமன்றத்தின் முடிவாக எடுத்தெழுதுவதே சுருக்கங்களில் நான் அடிக்கடி காணும் பிழை. அட்டவணையைக் குறிப்பேட்டில் வைத்துக்கொண்டு, வாசகருக்குப் பின்னோக்கிய சுருக்கத்தைத் தருவதே என் தேர்வு.

விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு என்றால் அட்டவணையே பெரும்பாலும் போதும். காரணங்கள் அங்கே சில பத்திகளில் முடிந்துவிடும். நடுவில் கிடக்கும் இடைவெளியும் அந்த நீதிமன்றத்துக்குத் திறந்ததல்ல. ராஜீவ் காந்தி கொலை வழக்குக் கைதிகளின் விடுதலை பற்றிய ஸ்ரீஹரன் வழக்கில், 2015 டிசம்பரில் அரசியல் சாசன அமர்வு ஸ்ரத்தானந்தா தீர்ப்பின் வழியை மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் ஏற்றபோது, தண்டனைக் குறைப்புக்கு அப்பாற்பட்ட இத்தகைய தண்டனையை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மட்டுமே விதிக்கலாம் என்று வரையறுத்தது.